கை எத்தனை முறை மாறுகிறது? தூரத்து உறவினரோடு இணையத்தில் சீட்டும் பலகையும் ஆட ஒரு முதல் விளக்கம்

வெளியூரில் இருக்கும் உறவினரோடு இணையத்தில் ஏதாவது ஆடலாம் என்று பேச்செடுத்தால், எந்தச் செயலியை இறக்குவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. அதற்கு முன் இரண்டு இருக்கின்றன. விளையாட்டின் விதிகளை யார் காப்பாற்றப் போகிறார்கள், நாமா கணினியா? எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆடப் போகிறார்களா, இல்லை அவரவருக்குக் கை ஒழியும்போதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் செயலி தானாகக் கிடைத்துவிடும். தெரியாமல் செயலியிலிருந்து ஆரம்பிக்கும் குடும்பங்களில், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையோடு ஆட்டம் நின்றுபோகும்.

மலையில் இருப்பவர்களுக்கு இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பாவும் அம்மாவும் கோத்தகிரியில். மகள் கோவையில், மகன் டொராண்டோவில். பெரியப்பா கூடலூரில். அத்தை இலங்கையில், ஹட்டனில். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் நீலகிரியில் நிறைய உண்டு என்பதால், ஒரு கிளை இங்கேயும் மறு கிளை கடலுக்கு அப்பாலும் இருப்பது இங்கே புதிதில்லை. இந்த ஐந்து வீடுகளிலும் ஒரே சமயம் கரண்ட் இருந்து, நெட்டும் இருந்து, எல்லோருக்கும் வேலையும் இல்லாத நேரம் வாரத்தில் எத்தனை மணி இருக்கும்? தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் நனையும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி நனையும். ஆக, ஜூனிலிருந்து டிசம்பர் வரை இரண்டில் ஒரு வீட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்த கதை இருந்துகொண்டே இருக்கும்.

மேசை யார் வீட்டில் இருக்கிறது?

முதலில் அடிப்படை. இணையத்தில் சதுரங்கம் ஆடும்போது பலகை உங்கள் போனிலும் இல்லை, எதிராளியின் போனிலும் இல்லை. அது எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. இரண்டு போன்களும் அதை எட்டிப் பார்க்கின்றன, அவ்வளவுதான். நீங்கள் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால், போன் சர்வருக்கு அனுப்புவது ஏறக்குறைய இவ்வளவுதான்:

```
e2e4
```

நாலே எழுத்து. சர்வர் அது செல்லுமா என்று பார்த்து, தன்னிடமுள்ள பலகையை மாற்றி, எதிராளியின் போனுக்குச் சொல்கிறது. இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும்.

ஒன்று, நெட் வேகமாக இருக்க வேண்டியதில்லை. வீடியோ ஓடத் திணறும் இடத்திலும் சதுரங்கமோ சீட்டோ ஆடிவிடலாம். இரண்டு, நடுவில் நெட் போனால் ஆட்டம் அழியாது. சிக்னல் திரும்பியதும் பக்கத்தைப் புதுப்பித்தால் விட்ட இடத்தில் பலகை அப்படியே இருக்கும். போன் சார்ஜ் இறங்கி அணைந்தாலும் சரி, பக்கத்து வீட்டு போனில் உங்கள் கணக்கில் நுழைந்து தொடரலாம்.

மூன்றாவது, தூரம் ஒரு பொருட்டே இல்லை. கோத்தகிரியிலிருந்து டொராண்டோ பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. வழியில் சுற்றி, நின்று போனாலும் போய்வரும் நேரம் ஒரு நொடியில் சிறு பங்குதான். கேரம் மாதிரி விரலின் அசைவைக் கணக்கெடுக்கும் ஆட்டத்தில் அது உறுத்தலாம். சீட்டில் உறுத்தாது. டொராண்டோவிலிருந்து வரும் நகர்வு தாமதமானால் காரணம் பெரும்பாலும் கடலுக்கடியில் இல்லை. உங்கள் வீட்டுக்கும் எதிர் மேட்டிலிருக்கும் டவருக்கும் நடுவில் இருக்கும், அல்லது கரண்ட் போனதும் அணைந்துவிட்ட ரௌட்டரில் இருக்கும். வீட்டில் கரண்ட் போன உடனே டவரும் போய்விடுவதில்லை. அதற்குத் தனி பேட்டரி இருப்பதால் கொஞ்ச நேரம் தாங்கும். ஆட்டத்தின் நடுவில் விளக்கு அணைந்தால் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

விதியைக் காப்பது யார்?

சில தளங்களில் கணினியே நடுவர். செல்லாத நகர்வை அது செய்யவிடாது, புள்ளியைத் தானே கூட்டும், யார் முறை என்று தானே சொல்லும். சதுரங்கத்துக்கு Lichess இப்படி. 2010இல் தொடங்கியது, முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது. பலகை விளையாட்டுகளுக்கு Board Game Arena. அதுவும் 2010 முதல் இருக்கிறது, பிரான்சில் தொடங்கப்பட்டது, உலாவியிலேயே ஆடலாம். சில விளையாட்டுகளில் மேசை போட ஒருவர் கட்டண உறுப்பினராக இருக்க வேண்டும். மற்றவர்கள் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். ஐந்து வீட்டுக்கும் ஒரே ஒருவர் கட்டினால் போதும், வழக்கம்போல வெளிநாட்டில் இருப்பவர் தலையில்தான் விழும்.

இன்னொரு வகையில் கணினி வெறும் மேசை. playingcards.io அப்படிப்பட்டது. திரையில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். இழுக்கலாம், கவிழ்க்கலாம், கலைக்கலாம். கீழே உங்கள் ‘கை’ என்று ஒரு பகுதி. அங்கே இழுத்து வைத்த சீட்டின் முகம் உங்களுக்கு மட்டும் தெரியும். என்ன ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது. கணக்குத் தொடங்க வேண்டாம், அறையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வந்துவிடுவார்கள்.

புதிதாக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்ள நடுவர் உள்ள தளம் நல்லது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த, அதிலும் உங்கள் வீட்டுக்கென்று தனி விதி வைத்திருக்கும் ஆட்டத்துக்கு வெறும் மேசைதான் சரி. 304, 28, கழுதை போன்ற சீட்டாட்டங்கள் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். செயலி எழுதியவரின் ஊர் விதியை உங்கள் பெரியப்பா ஏற்றுக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எண்ணிப் பார்க்க வேண்டியது

இப்போது நேரத்துக்கு வருவோம். ஆடும் முறை இரண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆடுவது ஒன்று. உங்கள் முறை வந்ததும் தகவல் வரும், முடிந்தபோது ஆடிவிட்டுப் போகலாம் என்பது இன்னொன்று. பழைய காலத்தில் கார்டில் எழுதித் தபாலில் சதுரங்கம் ஆடியவர்கள் உண்டு, அதே முறைதான். Board Game Arena-வில் முதல் வகை Real-time, இரண்டாவது Turn-based. Lichess-இல் இரண்டாவதற்குப் பெயர் Correspondence. ஒரு நகர்வுக்கு ஒரு நாளிலிருந்து பதினான்கு நாள் வரை அவகாசம் வைக்கலாம். நாம் இங்கே தபால் முறை என்றே வைத்துக்கொள்வோம்.

மலைக்குத் தபால் முறைதான் பொருத்தம் என்று தோன்றும். தோன்றுவது பாதி சரி. எந்த ஆட்டமும் தபாலில் ஓடும் என்று நினைத்துத் தொடங்குபவர்கள்தான் அலுத்துப்போகிறார்கள். ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்ள ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: ஆட்டம் முடிவதற்குள் கை எத்தனை முறை மாறுகிறது? அதாவது ஒருவர் முடித்து, அடுத்தவருக்காகக் காத்திருக்கும் தருணங்கள் எத்தனை?

304ஐ எடுத்துக்கொள்வோம். நாலு பேர், ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஒவ்வொரு பிடிக்கும் நாலு பேரும் வரிசையாக ஒரு சீட்டு போட வேண்டும். முன்னால் போட்டவரின் சீட்டைப் பார்க்காமல் அடுத்தவர் போட முடியாது. எட்டுப் பிடி, நாலு பேர், 32 முறை கை மாறுகிறது. கேள்வி கேட்டுத் துருப்பு வைப்பது தனி. நேரில் சில நிமிடத்தில் முடியும் இந்த ஒரு ஆட்டம், நாளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் தபாலில் ஆடினால் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும். அதற்குள் இஸ்பேட் யார் கையில் தீர்ந்தது என்பது எல்லோருக்கும் மறந்திருக்கும். சீட்டாட்டத்தின் உயிரே அந்த ஞாபகம்தான்.

சதுரங்கத்தில் ஆளுக்கு நாற்பது நகர்வு என்று வைத்தால் 80 முறை கை மாறும். எண்ணிக்கை இன்னும் அதிகம், ஆனால் தபாலுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. காரணம், எதுவும் மறைந்திருக்கவில்லை. மூன்று நாள் கழித்து வந்து பார்த்தாலும் யோசிக்க வேண்டியது முழுவதும் பலகையிலேயே இருக்கிறது. ஆக, கை மாறுவதை எண்ணிவிட்டு, கூடவே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மறந்துபோனால் கெடுமா? நிறைய முறை கை மாறி, மறந்தால் கெடும் ஆட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துவிடுங்கள். மறந்தாலும் கெடாது என்றால் தபாலுக்கு.

தபாலில் ஒரு ஆட்டம்: கார்கசோன்

மூன்று பேர் ஆட நான் முதலில் சொல்வது கார்கசோன். ஜெர்மானியர் ஒருவர் வடிவமைத்து 2000இல் வந்த பலகை விளையாட்டு, பெயர் தெற்கு பிரான்சில் உள்ள ஒரு கோட்டை நகரத்தினுடையது. 72 சதுர அட்டைகள். ஒவ்வொன்றிலும் சாலை, நகரம், வயல் என்று துண்டு துண்டாகப் படம். ஒரு அட்டை முதலிலேயே நடுவில் இருக்கும். உங்கள் முறை வந்ததும் ஒரு அட்டை கிடைக்கும். ஏற்கெனவே உள்ளவற்றோடு சாலைக்குச் சாலை, நகரத்துக்கு நகரம் பொருந்துமாறு அதை ஒட்ட வேண்டும். வேண்டுமானால் அந்த அட்டையிலேயே உங்கள் ஆள் ஒருவரை நிறுத்தலாம். சாலையோ நகரமோ முழுதாக மூடிக்கொண்டால் அங்கே நிற்பவருக்குப் புள்ளி, ஆள் கைக்குத் திரும்புவார். அட்டையில் எழுத்தே இல்லாததால் ஆங்கிலம் தடையில்லை. கையில் மறைத்து வைக்கவும் எதுவும் இல்லை.

கோத்தகிரியில் அப்பா, கோவையில் மகள், டொராண்டோவில் மகன். மூவரும் Board Game Arena-வில் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி, ஒருவரையொருவர் நண்பராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். மகன் மேசை போடுகிறார். முறை Turn-based. வெளியாள் யாரும் வந்து உட்காராதபடி, அழைத்தவர்கள் மட்டும் என்று வைக்கிறார். உங்கள் முறை வந்தது என்று மின்னஞ்சல் வரும். அப்பா மின்னஞ்சலே பார்க்க மாட்டார் என்றால், ஆடி முடித்தவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘அப்பா, உங்க முறை’ என்று ஒரு வரி போட்டால் போதும். நான் பார்த்தவரை அதுதான் நன்றாக வேலை செய்கிறது.

ஒட்ட வேண்டிய அட்டைகள் 71. மூன்று பேர், எனவே சுமார் 24 சுற்று. அப்பா காலை ஆறு மணி டீயோடு ஆடுகிறார். மகள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மணிக்கு ஆடுகிறார். மகன் அங்கே காலை எட்டு மணிக்கு எழுந்து ஆடும்போது, கோடையில் இங்கே மாலை ஐந்தரை. முறை அப்பா, மகள், மகன் என்று சுழன்றால் ஒரு நாளில் ஒரு சுற்று, 24 நாளில் ஆட்டம் முடியும்.

சரி, முறை அப்பா, மகன், மகள் என்று அமைந்தால்? திங்கள் காலை அப்பா, திங்கள் மாலை மகன். மகள் மறுநாள் மதியம்தான் பார்ப்பார். அப்பாவின் காலை டீ அதற்குள் முடிந்திருக்கும், அவர் முறை புதன் காலைக்குத்தான் வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு நாள். அதே மூன்று பேர், அதே பழக்கம், ஆனால் ஆட்டம் 48 நாள். தொடங்கிய உடனே முறை எப்படிச் சுழல்கிறது என்று பார்த்து, இரண்டாவது மாதிரி விழுந்திருந்தால் மகள் மட்டும் இரவு படுக்கும் முன் ஒரு முறை பார்க்கப் பழகினால் பழையபடி 24 நாளாகிவிடும். ஆட்டம் ஆமை வேகத்தில் போகிறது என்று யாராவது சலித்துக்கொண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தபால் முறையிலும் கடிகாரம் உண்டு. உங்கள் முறையின்போது உங்கள் நேரம் குறையும், ஆடி முடித்ததும் கொஞ்சம் கூடும். நேரம் தீர்ந்துவிட்டால் உங்களை ஆட்டத்திலிருந்து நீக்கும் உரிமை மற்றவர்களுக்குக் கிடைக்கும். Lichess-இல் நேரம் தீர்ந்தால் தோல்வியே. நவம்பரில் கோத்தகிரியில் இரண்டு மூன்று நாள் நெட் இல்லாமல் போவதைக் கணக்கில் எடுத்து அவகாசம் வையுங்கள். நண்பர்களுக்குள் ஆடும்போது காலக்கெடுவே இல்லாமல் வைக்கவும் Board Game Arena-வில் வழி உண்டு. குடும்பத்துக்கு அதுதான் என் சிபாரிசு. ஒரு அட்டைக்காக அண்ணன் தங்கையை வெளியேற்றுவது போலப் பொத்தான் திரையில் வந்து நிற்கத் தேவையில்லை.

கார்கசோனில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றே ஒன்று, வயல். வயலில் நிறுத்திய ஆள் கடைசிவரை திரும்ப மாட்டார், அவருக்கான புள்ளி ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும். எது ஒரே வயல், எது இரண்டு வயல் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். ஆள் நிறுத்துவது கட்டாயமில்லை என்பதால், முதல் ஆட்டத்தில் யாரும் வயலில் ஆள் வைப்பதில்லை என்று பேசி வைத்துக்கொண்டால் போதும். கணினிக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை 304

சீட்டுக்கு வருவோம். அப்பா, பெரியப்பா, ஹட்டனில் அத்தை, டொராண்டோவில் மகன், நாலு பேர். இலங்கையும் நாமும் ஒரே நேரம்தான். டொராண்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. நம் ஊரில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் மாற்றுகிறார்கள். இங்கே ஞாயிறு மாலை ஏழு மணி என்றால் மகனுக்குக் கோடையில் காலை ஒன்பதரை, நவம்பருக்குப் பிறகு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறுதான் மாற்றும் நாள். அன்றைக்கு மகன் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

playingcards.io-வில் ஒரு அறை திறந்து இணைப்பை அனுப்புங்கள். 304க்கு 32 சீட்டுதான் வேண்டும். இரண்டிலிருந்து ஆறு வரை நாலு இனத்திலும் எடுத்துவிட்டால் 20 சீட்டு போகும், மீதி 32. எடுத்ததை ஒரு மூலையில் குவித்துவிட்டு மீதியைக் கலைக்கவும். மதிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜாக்கி 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. திரை கூட்டிச் சொல்லாது, ஒருவர் காகிதத்தில் எழுத வேண்டும். பெரியப்பாவிடம் கொடுங்கள், எப்படியும் அவர் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார்.

உண்மையான ஆட்டத்துக்கு முன் ஒரு கை வெள்ளோட்டம் விடுவது அவசியம். பார்க்க வேண்டியது: கையிலிருந்து இழுத்துப் போடும் சீட்டு உங்கள் திரையில் முகம் தெரிய விழுகிறதா, கவிழ்ந்து விழுகிறதா? ஆட்டத்துக்கு முகம் தெரிய வேண்டும், துருப்பு வைக்கக் கவிழ்ந்து விழ வேண்டும். இது பழகாமல் துருப்பைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பக் கலைப்பதுதான் முதல் நாளில் அதிகம் நடக்கும். சீட்டு பிரிக்கும் பொறுப்பு ஒருவருக்கே இருக்கட்டும். இரண்டு பேர் ஒரே சீட்டை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் அது எங்காவது போய் ஒளிந்துகொள்ளும்.

நடுவர் இல்லாத மேசையில் பெரிய வழக்கு, கையில் இனம் இருந்தும் துருப்பு வெட்டுவது. வேண்டுமென்றே செய்வதில்லை, சின்னத் திரையில் டைமனும் ஆடுதனும் இரண்டுமே சிவப்பு, கண் ஏமாறும். கண்டுபிடிக்க வழி, பிடித்த சீட்டுகளை ஒரே குவியலாகப் போடாமல் பிடிக்கு ஒரு சிறு அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே வைத்துக்கொண்டு வருவது. சந்தேகம் வந்தால் கடைசியில் பிரித்துப் பார்த்து, எந்தப் பிடியில் யார் என்ன போட்டார் என்று சொல்லிவிடலாம். முடிந்தால் போனை விட்டு டேப்லெட்டிலோ மடிக்கணினியிலோ ஆடுங்கள்.

பேசுவதற்கு மேசையைத் திறந்த கருவியிலேயே வீடியோ அழைப்பும் போடாதீர்கள். சீட்டுக்கு மிகச் சிறிய அளவு டேட்டா போதும், அதை வீடியோ நெருக்கிவிடும். சிக்னல் மெலிந்தால் முதலில் நிற்பது சீட்டுதான். இன்னொரு போனில் குரல் அழைப்பு மட்டும் போதும். 304இல் ஜோடிக்கு ஜாடை காட்டக் கூடாது என்பதால், முகம் தெரியாமல் இருப்பதே நல்லது. இருமலுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று, ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் ஆடினால் இரண்டு கருவி கட்டாயம். ஒரே போனைக் கைமாற்றிக் கொடுத்தால் மறைந்த சீட்டுக்கு அர்த்தமில்லை. கருவி ஒன்றுதான் என்றால், அப்பாவும் அம்மாவும் ஒரே இருக்கையில் சேர்ந்து கலந்து பேசி ஆடும் திறந்த விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். கார்கசோன் அதற்கும் நன்றாக இருக்கும்.

‘செயலி ஏமாத்துது!’

தாயம் ஆடினால் இந்தச் சண்டை வரும், அதனால் முன்கூட்டியே பார்த்துவிடுவோம். தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு முகம். இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயம் விழ, ஒன்றில் ஒன்று, மற்றதில் வெற்று வர வேண்டும். அது இரண்டு விதமாக நடக்கும். ஆக, எட்டில் ஒரு வாய்ப்பு. உருட்டுவது நம் கையாகவோ செயலியின் குலுக்கலாகவோ இருக்கட்டும், கட்டை நேர்மையானதாக இருந்தால் இதுதான் கணக்கு.

இப்போது பத்து வீச்சிலும் தாயமே விழாமல் வெளியே நிற்க வாய்ப்பு எவ்வளவு? எட்டில் ஏழை பத்து முறை பெருக்கினால் 0.26. நாலில் ஒருவருக்கு இது சாதாரணமாக நடக்கும். நாலு பேர் ஆடினால், ஆளுக்குப் பத்து வீச்சுக்குப் பிறகு குறைந்தது ஒருவராவது உள்ளே நுழையாமல் நிற்க 70 சதவீத வாய்ப்பு. அதாவது பெரும்பாலான ஆட்டங்களில் ஒருவர் ‘எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது’ என்று சொல்லத்தான் போகிறார், செயலி முழு நேர்மையாக இருந்தாலும். நேரில் ஆடும்போதும் இதேதான் நடந்தது. அப்போது கட்டையைத் திட்டினோம், எதிராளி உருட்டும் விதத்தைத் திட்டினோம். இப்போது திட்ட வாகாக ஒரு செயலி கிடைத்திருக்கிறது.

நிஜமாகவே சந்தேகம் என்றால் சோதிக்கலாம். 200 வீச்சைக் குறித்து வையுங்கள். சராசரியாக 25 தாயம் விழ வேண்டும். 16க்கும் 34க்கும் நடுவில் இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஐந்தோ ஆறோ மட்டும் விழுந்தால் வேறு செயலிக்கு மாறிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: விழாமல் கடுப்பான அன்று எண்ணத் தொடங்கக் கூடாது, அந்த மோசமான வீச்சுகளையும் சேர்த்து எண்ணிவிடுவோம். என்றைக்கு எண்ணப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அங்கிருந்து எண்ண வேண்டும்.

காசு வைத்து ஆடும் செயலிகள் வேறு ரகம், இந்தக் கட்டுரையில் சொன்ன எதிலும் அவை சேராது. இந்தியாவில் 2025இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்கிறது. ரம்மி என்று தேடும்போது வந்து நிற்கும் ஒன்று ஆடுவதற்கு முன்பே பணம் போடச் சொன்னாலோ, ஜெயித்தால் வங்கிக்குப் பணம் அனுப்புகிறேன் என்றாலோ அதை வீட்டுப் பெரியவரின் போனில் இறக்க வேண்டாம். Board Game Arena வாங்குவது உறுப்பினர் கட்டணம். அதில் யாரும் யாரிடமும் காசு ஜெயிப்பதில்லை.

போனில் பட்டன் மட்டும் இருக்கும் தாத்தாவை என்ன செய்வது? அவருக்கு ஒரு மரச் சதுரங்கப் பலகை இருந்தால் போதும். கட்டங்களுக்கு ஓரத்தில் எழுத்தும் எண்ணும் குறித்துக் கொடுத்துவிடுங்கள், இடமிருந்து வலம் a முதல் h வரை, வெள்ளைக் காய் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. பேரன் Lichess-இல் அவர் பெயரில் ஒரு கணக்கு வைத்து, தாத்தா இரவில் போன் செய்து சொல்லும் நகர்வை அதில் போட்டு, எதிராளியின் பதிலைப் படித்துச் சொன்னால் போதும். அவகாசம் மூன்று நாளுக்குக் குறையாமல் இருக்கட்டும். இங்கே ஒரு இடத்தில்தான் குழப்பம் வரும்: பி, சி, டி, இ என்று போனில் கேட்டால் எல்லாம் ஒன்று போல ஒலிக்கும். பழனி, சென்னை, திண்டுக்கல், ஈரோடு என்று ஊர்ப் பெயர் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.